40 இன்சுலினும் 100 சிரிஞ்சும்: அளவு தவறுவது எப்படி, தவிர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாக்டர் 20 யூனிட் என்று எழுதியிருக்கிறார். எந்த இன்சுலின் சிரிஞ்சில் 20 வரை இழுத்தாலும் அது 20 யூனிட்தானே?

இல்லை. சிரிஞ்சின் உடலில் அச்சிட்டிருக்கும் எண் மருந்தை நேரடியாக அளப்பதில்லை; உள்ளே வரும் திரவத்தின் கன அளவைத்தான் அது அளக்கிறது. அந்தத் திரவத்தில் இன்சுலின் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைச் சிரிஞ்சைத் தயாரித்தவர் முன்கூட்டியே ஊகித்துக்கொண்டு, அதற்கேற்பக் கோடுகளைப் போட்டிருக்கிறார். அந்த ஊகம் உங்கள் குப்பிக்குப் பொருந்தினால் மட்டுமே கோட்டில் உள்ள எண் உண்மையாகும்.

இந்தியாவில் குப்பிகளில் கிடைக்கும் இன்சுலின் இரண்டு செறிவுகளில் வருகிறது. ஒன்றில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் இருக்கும், மற்றதில் 100 யூனிட் இருக்கும். முதலாவதை யு-40 என்றும் இரண்டாவதை யு-100 என்றும் குறிப்பது வழக்கம். யு-40 சிரிஞ்சில் 20 என்ற கோடு அரை மில்லிலிட்டரில் இருக்கிறது. யு-100 சிரிஞ்சில் அதே 20 என்ற கோடு ஒரு மில்லிலிட்டரில் ஐந்தில் ஒரு பங்கில், அதாவது 0.2 மில்லிலிட்டரில் இருக்கிறது. எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஏறும் திரவம் இரண்டரை மடங்கு வேறுபடுகிறது.

ஆகவே யு-100 இன்சுலினை யு-40 சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் உடலுக்குள் போவது 50 யூனிட். யு-40 இன்சுலினை யு-100 சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் போவது வெறும் 8 யூனிட். யூனிட் என்ற அளவு இரண்டிலும் ஒன்றே என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 100 என்பது “பவர் கூடுதலான மருந்து” என்று பலர் எண்ணி, அதில் அளவைத் தாமாகவே குறைத்துக்கொள்கிறார்கள், அது தவறு. சரியான சிரிஞ்சில் எடுக்கப்பட்ட 20 யூனிட், எந்தக் குப்பியிலிருந்து வந்தாலும் 20 யூனிட்தான்.

எங்கள் வீட்டுக் குப்பி 40-ஆ, 100-ஆ என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குப்பியின் லேபிளிலும் அது வந்த அட்டைப்பெட்டியிலும், ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை யூனிட் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். 40 அல்லது 100 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஐயூ, எம்எல் என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். லேபிளில் இருக்கும் வேறு இரண்டு எண்களைச் செறிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 30/70, 25/75, 50/50 போன்றவை விரைவாக வேலை செய்யும் இன்சுலினும் மெதுவாக வேலை செய்யும் இன்சுலினும் கலந்திருக்கும் விகிதத்தைச் சொல்கின்றன. 10 எம்எல், 3 எம்எல் என்பவை குப்பியின் மொத்தக் கொள்ளளவைச் சொல்கின்றன.

மருந்தின் பெயரை நம்பியும் இருக்க முடியாது. ஒரே நிறுவனத்தின் ஒரே கலவை, குப்பியாக வரும்போது 40 ஆகவும், பேனாவில் பொருத்தும் கார்ட்ரிட்ஜாக வரும்போது 100 ஆகவும் இருப்பது இங்கே சாதாரணம். குப்பி வடிவிலேயே இரண்டு செறிவுகளிலும் விற்கப்படும் மனித இன்சுலின்களும் உண்டு. போன மாதம் வாங்கிய அதே பெயர் இந்த மாதம் வேறு செறிவில் கைக்கு வரலாம் என்பதால், புதுக் குப்பியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இந்த எண்ணைப் பார்த்தாக வேண்டும். கிளார்கின், லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற புதிய வகை இன்சுலின்கள் குப்பியில் வந்தாலும் பெரும்பாலும் 100 ஆகவே இருக்கும்.

சிரிஞ்சின் மூடி நிறத்தைப் பார்த்தால் போதும் என்கிறார்களே?

யு-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யு-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி என்பது வழக்கம். அது உதவியான அடையாளம்தான், ஆனால் முடிவான அடையாளம் அன்று. மங்கிய விளக்கில், கண்புரை வந்த கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகவே தெரியும். மருந்தை இழுக்கும் வேளையில் மூடி கழற்றப்பட்டு மேசையில் கிடக்கும். ஒரே சிரிஞ்சை மறுபடி பயன்படுத்தும் வீடுகளில் ஒன்றின் மூடி மற்றொன்றுக்கு மாறிப்போவதும் நடக்கும்.

இன்னொரு குழப்பம் பலருக்குத் தெரிவதில்லை. சிரிஞ்சில் இருக்கும் மிகப் பெரிய எண்ணைப் பார்த்து அது எந்த வகை என்று ஊகிக்கிறார்கள். ஒரு மில்லிலிட்டர் யு-40 சிரிஞ்சில் கடைசி எண் 40. ஆனால் யு-100 சிரிஞ்சுகளில் அரை மில்லிலிட்டர் அளவுள்ளவை 50-இலும், அதைவிடச் சிறியவை 30-இலும் முடிந்துவிடும். “100 வரை எண் இல்லை, ஆகவே இது 40 சிரிஞ்சு” என்று முடிவுகட்டினால் இங்கேதான் ஏமாறுவோம். சிரிஞ்சின் உடலிலும் அதன் உறையிலும் யு-40 அல்லது யு-100 என்று அச்சிடப்பட்டிருக்கும். அந்த அச்சும் குப்பியின் அச்சும் ஒன்றாக இருப்பதே பொருத்தம். அச்சு அழிந்துபோன, உறை இல்லாத சிரிஞ்சைப் பயன்படுத்தாமல் எறிந்துவிடுவது நல்லது.

அம்மாவுக்கு இரவு இன்சுலினை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பழைய சிரிஞ்சு ஒரு பாக்கெட் அப்படியே இருக்கிறது. தீரும்வரை அதையே பயன்படுத்தலாமா?

புதிய குப்பியின் செறிவு பழையதோடு ஒத்திருந்தால் மட்டுமே பயன்படுத்தலாம். இந்தத் தவறு பெரும்பாலும் நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில்தான் தொடங்குகிறது என்பதால், ஓர் எடுத்துக்காட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் அம்மையார் பல ஆண்டுகளாக 30/70 கலவை இன்சுலினை யு-40 குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் காலையும் மாலையும் போட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலைச் சர்க்கரை கூடியிருப்பதால், மருத்துவர் அதை நிறுத்திவிட்டு இரவு ஒன்பது மணிக்குக் கிளார்கின் 18 யூனிட் என்று எழுதுகிறார். கடையில் கொடுக்கும் கிளார்கின் குப்பி யு-100. சிரிஞ்சு வீட்டில் இருக்கிறது என்று மகன் அதை வாங்காமல் வருகிறார். அன்றிரவு சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 18 வரை இழுக்கிறார்கள். உள்ளே ஏறுவது 0.45 மில்லிலிட்டர், யு-100 குப்பியில் அது 45 யூனிட். சீட்டில் 18, பார்த்த கோட்டிலும் 18. யாருக்கும் எதுவும் தவறாகத் தெரியாது.

கிளார்கின் சட்டென்று உச்சத்துக்குப் போகும் மருந்தன்று. ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் மெல்ல மெல்ல இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். ஆகவே ஊசி போட்ட ஒரு மணி நேரத்தில் நடுக்கம் வரவில்லை என்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று பொருளில்லை. தூக்கத்தில், பின்னிரவில் சர்க்கரை இறங்கலாம். வியர்வையில் நனைந்த தலையணை, கெட்ட கனவு, எழுப்பினால் குழறும் பேச்சு, சம்பந்தமில்லாத கோபம் ஆகியவை வீட்டாருக்குத் தெரியக்கூடிய அடையாளங்கள். சர்க்கரை கொடுத்துத் தேற்றிய பிறகும், மருந்து இன்னும் வேலை செய்துகொண்டிருப்பதால், மறுநாள் பகலில் மீண்டும் இறங்கலாம். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு இன்சுலின் உடலை விட்டு நீங்க இன்னும் தாமதமாகும்.

பழைய பாக்கெட்டின் விலை மிகச் சிறிது. மருந்து மாறிய அன்றே, மீதமுள்ள சிரிஞ்சுகளை வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள். அலமாரியில் இருந்தால் என்றாவது ஓர் இரவில் அவசரத்துக்குக் கைக்கு வந்துவிடும்.

எதிர்ப்பக்கம் தவறினால் குறைவாகத்தானே போகிறது? அதில் உயிராபத்து இல்லையே?

உடனடி ஆபத்து குறைவு, அவ்வளவுதான். முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. வெளியிலிருந்து வரும் இன்சுலினை மட்டுமே நம்பியிருக்கும் உடலுக்கு அது ஐந்தில் இரண்டு பங்காகக் குறைந்தால், கீட்டோன் சேர்ந்து வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் என்று தீவிர சிகிச்சைப் பிரிவு வரை கொண்டுபோய்விடும்.

பெரியவர்களிடம் இந்தத் தவறு வேறு விதமாக ஒளிந்திருந்து தாக்குகிறது, என் பார்வையில் இதுவே அதிகம் கவனிக்கப்படாத பகுதி. ஒருவர் யு-40 இன்சுலினை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் எடுத்து வருகிறார். நாளொன்றுக்கு 20 என்று எழுதினால் அவருக்குப் போவது 8 யூனிட். சர்க்கரை இறங்கவில்லை. மருத்துவர் 26, 34, 40 என்று படிப்படியாகக் கூட்டுகிறார். 40 என்ற கோட்டில் அவருக்கு உண்மையில் கிடைப்பது 16 யூனிட். அதில் சர்க்கரை ஒரு நிலைக்கு வந்துவிடுகிறது. கோப்பில் “40 யூனிட்” என்று பதிவாகிறது, எல்லோருக்கும் நிம்மதி. பிறகு ஒருநாள் கால் புண்ணுக்காக அவர் மருத்துவமனையில் சேர்கிறார். அங்குள்ள செவிலியர் சரியான சிரிஞ்சை எடுத்து, கோப்பில் உள்ளபடி 40 யூனிட் போடுகிறார். சரியாகச் செய்த அந்த முதல் ஊசியிலேயே அவருடைய பழக்கமான அளவைப் போல் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடுகிறது.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: குப்பி எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். பத்து மில்லிலிட்டர் யு-40 குப்பியில் மொத்தம் 400 யூனிட் இருக்கும். நாளுக்கு 40 யூனிட் போடுபவருக்கு அது பத்து நாளில் தீர வேண்டும். மேலே சொன்னவருக்கு அது 25 நாள் வரும். “குப்பி எனக்கு ரொம்ப நாள் வருகிறதே” என்று ஒருவர் சொன்னால், அல்லது அளவைக் கூட்டிக்கொண்டே போயும் சர்க்கரை அசையாமல் இருந்தால், அடுத்த கூட்டலுக்கு முன் அவர் பயன்படுத்தும் சிரிஞ்சையும் குப்பியையும் கையோடு கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பது நல்லது. சிரிஞ்சு தவறு என்று தெரிந்தவுடன் சரியான சிரிஞ்சில் பழைய எண்ணையே தொடரக் கூடாது என்பதும் இதிலிருந்து புரியும். உண்மையில் போய்க்கொண்டிருந்த அளவைக் கணக்கிட்டு, மருத்துவர் புதிதாக எழுதித் தர வேண்டும்.

இரண்டரையால் பெருக்கியோ வகுத்தோ எடுத்துக்கொண்டால் சரியாகிவிடும் அல்லவா?

கணக்கு சரி. யு-40 இன்சுலினை யு-100 சிரிஞ்சில் எடுக்க நேர்ந்தால் 20 யூனிட்டுக்கு 50 என்ற கோடு. யு-100 இன்சுலினை யு-40 சிரிஞ்சில் எடுக்க நேர்ந்தால் 20 யூனிட்டுக்கு 8 என்ற கோடு. இரவு நேரத்தில், சரியான சிரிஞ்சு எங்கும் கிடைக்காத நிலையில், மருத்துவரோ மருந்தாளுநரோ எண்ணைத் தொலைபேசியில் சரிபார்த்துச் சொன்னால், அந்த ஒரு வேளைக்கு இதைச் செய்யலாம்.

இதை வழக்கமாக்கிக்கொள்வதுதான் கெடுதல். பெருக்குவதா வகுப்பதா என்பது அரைத்தூக்கத்தில் மாறிப்போனால் பிழை இரண்டரை மடங்கோடு நிற்காது. யு-100 இன்சுலினைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 8-க்குப் பதிலாக 50 யூனிட் கோடு தேடுபவர், அதில் 40-உடன் கோடு முடிந்துவிடுவதைக் கண்டு, ஒரு சிரிஞ்சு நிறைய எடுத்துவிட்டு மறுபடி கொஞ்சம் எடுப்பார். மொத்தம் 125 யூனிட். அதோடு, இந்தக் கணக்கு வீட்டில் ஒருவர் தலையில் மட்டும் இருக்கும். அவர் ஊருக்குப் போன நாளில் மருமகளோ பக்கத்து வீட்டுக்காரரோ சீட்டைப் பார்த்துச் சரியாகவே ஊசி போடுவார்கள், கணக்கு தெரியாமல்.

இதனால்தான் அளவைச் சொல்லும்போது “50 பாயிண்ட்”, “8 கோடு” என்று சொல்லாமல் எப்போதும் யூனிட்டில் சொல்ல வேண்டும் என்கிறார்கள். பாயிண்ட் என்பது சிரிஞ்சைப் பொறுத்தது.

பேனா வேலை செய்யவில்லை. உள்ளே இருக்கும் மருந்தைச் சிரிஞ்சால் இழுத்துப் போடலாமா?

வேண்டாம். சாதாரணக் கார்ட்ரிட்ஜ் யு-100. வீட்டில் கிடப்பது சிவப்பு மூடிச் சிரிஞ்சாக இருந்தால் முன்னே பார்த்த இரண்டரை மடங்கு பிழை அப்படியே நடக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, செறிவு கூடிய பேனாக்களில் இருக்கிறது. கிளார்கின் மில்லிலிட்டருக்கு 300 யூனிட் செறிவிலும் பேனாவாக வருகிறது. அதிலிருந்து யு-100 சிரிஞ்சில் எடுத்தால் மூன்று மடங்கு, யு-40 சிரிஞ்சில் எடுத்தால் ஏழரை மடங்கு. அதன் பேனா, ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு திரவம் வர வேண்டும் என்பதைத் தானே சரிசெய்து கொடுக்கிறது. மருந்தைப் பேனாவிலிருந்து பிரித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். மாற்றுப் பேனா அல்லது அதே மருந்தின் யு-100 குப்பியும் ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சும் கேட்டு வாங்குங்கள்; 300 செறிவிலிருந்து 100 செறிவுக்கு மாறும்போது அளவு மாறக்கூடும் என்பதால் மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும்.

தவறான சிரிஞ்சில் போட்டுவிட்டோம், இப்போதுதான் தெரிகிறது. என்ன செய்வது?

கூடுதலாகப் போயிருந்தால், அறிகுறி வரும்வரை காத்திருக்காதீர்கள். உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள், எதையாவது சாப்பிடக் கொடுங்கள், மருத்துவரையோ மருத்துவமனையையோ அழையுங்கள். எந்த இன்சுலின், குப்பியில் என்ன செறிவு, எந்தச் சிரிஞ்சு, எந்தக் கோடு, எத்தனை மணிக்கு என்ற ஐந்தையும் சொன்னால் அவர்கள் உண்மை அளவைக் கணக்கிட்டுவிடுவார்கள். குப்பியையும் சிரிஞ்சையும் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

சர்க்கரை 70-க்குக் கீழே இருந்து, நோயாளி விழிப்போடு விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் தூளையோ சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் திரும்பக் கொடுங்கள். ஏறிய பிறகு இட்லி, சோறு போன்ற உணவு கொடுக்க வேண்டும், ஏனென்றால் குளுக்கோஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும், இன்சுலின் தீராது. நினைவு தப்பியிருந்தாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

இரண்டரை மடங்கு போயிருந்தால், இப்போதைய சர்க்கரை நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போவதே நான் சொல்லும் வழி. மெதுவாக வேலை செய்யும் இன்சுலின் என்றால் ஒரு நாள் முழுவதும், சில வேளைகளில் அதற்கு மேலும், அங்கே வைத்துக் கவனிக்க வேண்டியிருக்கும். இதய நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே சர்க்கரை இறங்கிவிடலாம்.

குறைவாகப் போயிருந்தால், விட்டுப்போன அளவைத் தாமாகவே இன்னோர் ஊசியாகப் போட வேண்டாம். எந்த வகை இன்சுலின், எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைப் பொறுத்து மருத்துவர்தான் அதைச் சொல்ல முடியும்.

பகலில் 40 குப்பி, இரவில் 100 குப்பி என்று இரண்டுமே எழுதியிருக்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

முடிந்தால் அந்த நிலையையே மாற்றக் கேளுங்கள். இரண்டையும் 100 செறிவிலேயே எழுதித் தர முடியுமா, அல்லது ஒன்றைப் பேனாவுக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டால், பெரும்பாலும் வழி கிடைக்கும்.

முடியவில்லை என்றால் மருந்தையும் சிரிஞ்சையும் பிரிக்காதீர்கள். ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு பெட்டி. அதற்குரிய சிரிஞ்சு அந்தப் பெட்டியில் மட்டும். பெட்டியின் மேல் “காலை, மதியம் – 40” என்றும் “இரவு – 100” என்றும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம். திறக்காத குப்பிகள் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும்போதும், அவற்றின் அட்டைப்பெட்டிகளைக் கழற்றாமல் வைத்திருங்கள். இரண்டு செறிவு இன்சுலின்களை ஒரே சிரிஞ்சில் கலந்து எடுக்கவே கூடாது. அந்தக் கலவைக்குப் பொருந்தும் கோடு எந்தச் சிரிஞ்சிலும் இல்லை.

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போகிறோம். குப்பியை இங்கிருந்து கொண்டுபோய், சிரிஞ்சை அங்கே வாங்கிக்கொள்ளலாமா?

இங்கிருந்து கொண்டுபோவது யு-40 என்றால், சிரிஞ்சையும் இங்கிருந்தே போதுமான அளவு கொண்டுபோக வேண்டும். அமெரிக்கா 1970-களிலும், பிரிட்டன் 1983-இலும் யு-100-க்கு மாறிவிட்டன. அங்கே மனிதர்களுக்கான கடையில் இன்சுலின் சிரிஞ்சு என்று கேட்டால் கிடைப்பது யு-100-தான். அதில் 16 என்று எடுத்தால் 6.4 யூனிட்தான் போகும். திரும்பி வரும்போது மகள் வாங்கிக் கொடுத்த யு-100 குப்பியைக் கொண்டுவந்து, இங்கே பழைய சிவப்பு மூடிச் சிரிஞ்சில் அதே 16 எடுத்தால் 40 யூனிட் போகும். போவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி யு-100 குப்பிக்கோ பேனாவுக்கோ மாறிப் பழகிக்கொள்வது இன்னும் எளிது.

மருந்துக்கடையில் எப்படிக் கேட்டு வாங்குவது?

“இன்சுலின் ஊசி கொடுங்கள்” என்று மட்டும் கேட்காதீர்கள். குப்பியின் அட்டைப்பெட்டியையோ அதன் புகைப்படத்தையோ காட்டி, “இது 40, இதற்கு 40 சிரிஞ்சு வேண்டும்” என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். “அது இல்லை, இதுவும் அதே மாதிரிதான்” என்று வேறொன்றை நீட்டினால் வாங்காமல் அடுத்த கடைக்குப் போங்கள். காசநோய்ப் பரிசோதனைக்கும் தடுப்பூசிக்கும் பயன்படும் மெல்லிய ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சையும் இன்சுலினுக்கு என்று கொடுப்பவர்கள் உண்டு. அதில் யூனிட் கோடே கிடையாது, மில்லிலிட்டரின் பின்னங்கள்தான் இருக்கும். பணம் கொடுக்கும் முன், கடை வெளிச்சத்திலேயே, சிரிஞ்சின் உறையில் உள்ள எண்ணையும் குப்பியில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உரக்கப் படித்துப் பாருங்கள்.